டைட்டனில் ஒரு குடியிருப்பு: ஈரக்கால், விளக்கு, செக்கல்

கேள்வி: "தொலைதூர நிலவு ஒன்றில் மனிதர்கள் குடியேறி இரண்டு தலைமுறை கழிந்த பிறகு நடக்கும் நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாத்திரங்கள் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களுடைய அன்றாட வழக்கங்களையும், அவர்களுக்கே உரிய பேச்சுச் சொற்களையும், தொழில்நுட்பம் எதுவரை போகலாம் என்பதையும் எப்படி அமைப்பது? இப்போது படித்தால் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில் விண்வெளி உடை மாட்டிக்கொண்டு நடமாடுகிறவர்களைப் போல இருக்கிறது."

முதலில் அந்த நிலவு எது என்று பெயர் சொல்லித் தீர்மானித்துக்கொள்ளுங்கள். "தொலைதூர நிலவு" என்று பொதுவாக வைத்துக்கொண்டால் எல்லாமே சாத்தியமாகிவிடும். எல்லாமே சாத்தியமான இடத்தில் வழக்கம் என்று ஒன்று உருவாவதற்குக் காரணமே இருக்காது. வியாழனின் யூரோப்பாவில் ஒரே நாளில் விழும் கதிர்வீச்சு வெளியே நிற்கும் மனிதரைக் கொல்லப் போதுமானது. அங்கே கதை முழுவதும் பனிக்கட்டிக்கு அடியிலேயே நடந்தாக வேண்டும். சனிக்கோளின் டைட்டனில் மனிதர்கள் வெளியே நடக்கலாம், காற்று உண்டு, மழை உண்டு, ஏரி உண்டு. உங்கள் நாவலுக்கு டைட்டனையே பரிந்துரைக்கிறேன். இந்தப் பதிலும் அதை வைத்தே எழுதப்படுகிறது. இடத்தையும் குறித்துக்கொள்வோம்: 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் இறங்கிய சமவெளி. அது நிலநடுக்கோட்டுக்குப் பத்துப் பாகை தெற்கே இருக்கிறது. கலம் அனுப்பிய படத்தில் ஆற்றுப்படுகையில் கிடப்பதைப் போன்ற உருண்டைக் கற்கள் தெரிகின்றன. அவை பாறையல்ல, கல்லைப் போல இறுகிய நீர்ப்பனி. அந்த ஒரு படத்தை எழுதும் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

டைட்டனைப் பற்றி இரண்டு உண்மைகளை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டால் மற்றவை அவற்றிலிருந்து வரும். தரையில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 179 பாகை. காற்றழுத்தமோ பூமியில் உள்ளதைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆகவே வெளியே செல்பவருக்கு அழுத்தத்தைத் தாங்கும் உப்பிய விண்வெளி உடை தேவையில்லை. சூடேற்றிய தடித்த உடையும் மூச்சுக்கு ஆக்சிஜனும் போதும். சுவரில் துளை விழுந்தால் உள்ளிருக்கும் காற்று வெடித்துச் சீறாது. நிலவுக் கதைகளில் வழக்கமாக வரும் "காற்று போகிறது, அனைவரும் ஓடுங்கள்" என்ற காட்சி உங்கள் நாவலில் வரக்கூடாது. அதைவிட மெதுவான, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஆபத்து ஒன்று அங்கே இருக்கிறது. குடியிருப்பின் அன்றாடம் அதைச் சுற்றித்தான் அமையும்.

அந்தக் காற்றில் ஏறத்தாழ 95 விழுக்காடு நைட்ரஜன். தரைக்கு அருகில் மீதி பெரும்பாலும் மீத்தேன். ஆக்சிஜன் இல்லாததால் வெளியே எதுவும் எரியாது. ஆனால் தரை மீத்தேனில் ஊறியிருக்கிறது. ஹைகன்ஸ் கலம் இறங்கியபோது அதன் சூட்டில் அடியிலிருந்த மண்ணிலிருந்து மீத்தேன் ஆவியாகி எழுந்ததை அதன் கருவியே பதிவு செய்தது. இப்போது வெளியே போய்வந்த ஒருவரின் காலணியிலும் உடை மடிப்புகளிலும் அப்பிய ஈரமண்ணில் ஒரு லிட்டர் திரவ மீத்தேன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் நேராகச் சூடான அறைக்குள் வந்தால் அந்த ஒரு லிட்டர், வீட்டுக்குள் உள்ள அழுத்தத்தில், சுமார் 450 லிட்டர் வாயுவாக விரியும். நுழைவறை இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் இரண்டேகால் மீட்டர் உயரமும் உடையது என்றால் அதன் கொள்ளளவு 9,000 லிட்டர். அந்த அறைக் காற்றில் மீத்தேன் ஐந்து விழுக்காட்டைத் தொட்டுவிடும். காற்றோடு கலந்த மீத்தேன் பற்றத் தொடங்கும் கீழ்வரம்பும் ஏறத்தாழ அதே ஐந்துதான். மீத்தேனுக்கு மணமும் கிடையாது. வெறும் வெளிக்காற்று உள்ளே கசிந்தால் இந்த ஆபத்து இல்லை. அது உள்காற்றோடு கலந்து நீர்த்து ஐந்துக்குக் கீழே போய்விடும். அங்கே மனிதரைக் கொல்வது சுவரில் விழும் துளையன்று, ஈரக்கால்.

"ஈரக்காலோடு உள்ளே வராதே" என்று நம் வீடுகளில் அன்றாடம் சொல்கிறோம். டைட்டனில் பிறந்த குழந்தை முதலில் கற்கும் வாக்கியமும் அதுவாகவே இருக்கும், ஆனால் அதன் பொருள் முற்றிலும் வேறு. பேச்சுச் சொற்களை உருவாக்கும்போது உங்களிடம் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: புதிய ஒலிகளைக் கோத்துச் சொற்களைச் செய்யாதீர்கள். இருக்கிற சொல்லின் அடியிலிருந்து பழைய பொருளை உருவிவிட்டுப் புதிய பொருளை வையுங்கள். தனித்து விடப்பட்ட மனிதக் கூட்டங்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன. அண்டார்டிகாவில் அமெரிக்க ஆய்வு நிலையத்தார், வேண்டாத பொருளைப் பிறர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைப்பதை, கிடைத்ததைக் கவ்விச் செல்லும் அவ்வூர்க் கடற்பறவையின் பெயரால் "ஸ்குவா" என்று அழைக்கிறார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் வரிசை வீடு "லயம்" ஆனது. காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம், அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தேய்ந்து, "பெரட்டுக்களம்" ஆனது. இச்சொற்களை எவரும் உட்கார்ந்து ஆக்கவில்லை. நாளுக்கு நூறு முறை சொல்ல வேண்டியிருந்த வாய்கள் அவற்றைத் தேய்த்து எடுத்தன. ஆகவே உங்கள் குடியிருப்பில் நாளுக்கு நூறு முறை எதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே மட்டும் சொல் பிறக்கும்.

வெளியிலிருந்து வந்தவர் நுழைவறையில் என்ன செய்கிறார் என்பதைப் படிப்படியாக எழுதிப் பார்ப்போம். வெளிக்கதவை அடைத்ததும் அறையில் உள்ள வெளிக்காற்றை உறிஞ்சிவிட்டு, மீத்தேன் நீக்கிய நைட்ரஜனை நிரப்புகிறார்கள். ஆக்சிஜனை அப்போது விடுவதில்லை. அவர் முகமூடியைக் கழற்றாமல் ஒரு சட்டகத்தில் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறார். வெதுவெதுப்பான நைட்ரஜன் உடைமேல் வீசுகிறது. மடிப்புகளில் இருந்த மீத்தேன் ஆவியாகி வெளியேற்றப்படுகிறது. அது போன பிறகும் உடையில் செம்பழுப்புப் பிசுக்கு ஒட்டியிருக்கும். வானத்துப் புகைமூட்டத்திலிருந்து காலகாலமாகப் படிந்த கரிமப் பொருள் அது; அதில் பென்சீனும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கலாம். அதனால் உடை உள்வீட்டுக்குள் வருவதே இல்லை. மனிதர் மட்டும் உடையின் முதுகுப்புறத் திறப்பு வழியாக உள்ளே நழுவி வருகிறார். எவ்வளவு நேரம் என்பது உங்கள் விருப்பம். நான் நாற்பது நிமிடம் என்று வைப்பேன். நாற்பது நிமிடம் கைகளை விரித்து நிற்பவர்கள் என்ன பேசுவார்கள், எந்தப் பாட்டை முணுமுணுப்பார்கள், எந்தச் சண்டைகள் அங்கே ஆரம்பிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்; நாவலின் சிறந்த உரையாடல்கள் அந்த அறையில் கிடைக்கும். நிர்வாக ஏட்டில் இந்தச் செயலுக்கு "நுழைவறை வாயுநீக்கம்" என்று பெயர் இருக்கும். மக்கள் அதைக் "காய்தல்" என்பார்கள். சட்டகத்தில் கொடித்துணியைப் போல நிற்பதற்கும் அது பொருந்துகிறது. பட்டினியாய்க் காத்திருப்பதைச் சொல்லும் "காயுறேன்" என்ற பழைய வழக்கும் அதில் ஒலிக்கிறது.

"அக்கா, உள்ள வரலாமா?"

"காஞ்சியா?"

"காஞ்சுட்டேன்க்கா."

"முழுசா காஞ்சியா, பாதியிலயே வந்தியா? மீட்டரைக் கதவுப்பக்கம் காட்டு."

இந்த நான்கு வரிகளில் எந்தச் சொல்லுக்கும் விளக்கம் இல்லை. ஆனால் தம்பி அவசரப்படுகிறான், அக்கா நம்பவில்லை, காய்தல் என்பது ஒரு கட்டாயம் என்பதெல்லாம் வாசகருக்குப் புரிகிறது. பேச்சுச் சொல்லை இப்படித்தான் அறிமுகப்படுத்த வேண்டும். சொல்லுக்குப் பக்கத்திலேயே பொருளை எழுதினால் அது அகராதி ஆகிவிடுகிறது.

கதவைப் பற்றி இன்னொன்றும் உண்டு. உள்ளழுத்தத்தை வெளியைவிட மிகச் சிறிதளவு கூடுதலாக வைப்பார்கள். அப்போது கசிவு ஏற்பட்டால் உட்காற்று வெளியே போகுமே தவிர, குளிர்ந்த வெளிக்காற்று உள்ளே வராது. உட்காற்றில் மனிதர் மூச்சின் ஈரம் இருக்கிறது. கசியும் இடத்தில் அந்த ஈரம் உடனே உறைந்து வெள்ளைக் கோடாகப் படியும். ஆகவே கசிவைக் கண்டுபிடிக்கும் மிக எளிய கருவி மனிதக் கண். நம் ஊரில் பழைய செங்கல் சுவரில் உப்புப் படிந்தால் "சுவர் பூத்திருக்கு" என்கிறோமே, அதையே டைட்டனில் கதவுக்குச் சொல்வார்கள். ஒவ்வொரு விழிப்பின் தொடக்கத்திலும் பத்து வயதுப் பிள்ளைகள் இருவர் இருவராகச் சென்று இணைப்புகளைப் பார்த்துவிட்டு வந்து, "மூணாம் கதவு பூத்திருக்கு" என்று சொல்வது அங்கே பள்ளிக்கூடத்துக்கு முந்தைய கடமை. பூத்தல் என்ற சொல் அவர்களுக்கு மகிழ்ச்சி தராது. பூவையே பார்த்திராத ஒரு பெண்ணிடம் பாட்டி பூமியில் மல்லிகை பூத்ததைச் சொல்ல முயலும் இடம் உங்கள் நாவலில் வரக்கூடும். அந்தப் பெண் முதலில் பயப்படுவாள்.

அடுத்தது நேரம். டைட்டன் ஒரு முறை சுழல 15 நாள் 22 மணி நேரம் ஆகிறது. எனவே பகல் எட்டு நாள், இரவு எட்டு நாள். நண்பகல் வெளிச்சம்கூடப் பூமியில் சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் இருப்பதைப் போன்ற ஆரஞ்சு மங்கல்தான். அதற்கு "செக்கல்" என்ற சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் "செக்கல் நேரம்" என்றால் மாலை மயங்கும் நேரம். அந்த எட்டு நாளைச் செக்கல் என்றும், எதிர் எட்டு நாளை "மை" என்றும் உங்கள் மக்கள் அழைக்கட்டும். வானத்தில் பிரம்மாண்டமான சனிக்கோளைத் தொங்கவிடும் ஆசை எல்லா எழுத்தாளருக்கும் வரும், அதை விட்டுவிடுங்கள். புகைமூட்டம் மறைக்கிறது என்பது ஒரு காரணம். டைட்டன் தன் ஒரே முகத்தைத்தான் எப்போதும் சனிக்குக் காட்டுகிறது, நாம் தேர்ந்தெடுத்த சமவெளியோ மறுபுறத்தில் இருக்கிறது என்பது இன்னொரு காரணம். அங்கே சனி ஒருபோதும் உதிப்பதில்லை.

உடல் இருபத்துநான்கு மணிக் கடிகாரத்தைத்தான் பின்பற்றும். அதனால் மக்கள் விழித்து உறங்குவது பூமியின் கணக்கிலேயே நடக்கும். வானம் அதற்கு ஒத்துப்போகாது. பதினாறு விழிப்புகளுக்கு ஒரு முறை சூரியன் உதிக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் முந்தைய உதயத்தைவிட ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முன்னதாக. இந்த முறை எல்லாரும் சாப்பிடும் வேளையில் உதித்தது, சில மாதம் கழித்து எல்லாரும் தூங்கும் வேளையில் உதிக்கும். எந்த நேரத்தை ஊர் நேரமாகக் கொள்வது என்பதும் தற்செயலாகத் தீர்மானிக்கப்படுவதில்லை. தென்துருவத்தில் உள்ள அமெரிக்க நிலையம் நியூசிலாந்து நேரத்தைப் பின்பற்றுகிறது, ஏனென்றால் அதற்கான விமானப் போக்குவரத்து அந்த நாட்டின் வழியாக நடக்கிறது. சோறு எங்கிருந்து வருகிறதோ அந்த ஊர்க் கடிகாரம்தான். செவ்வாய்க்கு 2004இல் இறங்கிய இரண்டு ஊர்திகளை இயக்கிய குழுவினர் சில மாதம் செவ்வாய் நேரத்திலேயே வாழ்ந்தார்கள். அங்கே ஒரு நாள் 24 மணி 39 நிமிடம். நேற்று, இன்று என்ற சொற்கள் குழப்பம் தந்ததால் செவ்வாய் நாளுக்கான "சோல்" என்ற சொல்லோடு ஒட்டி "எஸ்டர்சோல்", "டுசோல்" என்று பேசத் தொடங்கினார்கள். உங்கள் பாத்திரங்களுக்கும் இரண்டு வகை "நாளை" தேவைப்படும். விழித்தெழும் நாளை ஒன்று, வெளுக்கும் நாளை இன்னொன்று. "அடுத்த செக்கலுக்குத் தரேன்" என்று கடன் வாங்குபவர் சொன்னால் ஏறத்தாழ இரண்டு வாரத் தவணை கேட்கிறார்.

செக்கலுக்கு இன்னும் ஆழமான ஒரு பொருள் இருக்கிறது. சனியிலிருந்து பார்த்தால் பூமி எப்போதும் சூரியனுக்கு மிக அருகிலேயே தெரியும். ஏறத்தாழ ஆறு பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊரில் சூரியன் உதிக்கும்போதுதான் பூமியும் உதிக்கிறது, மறையும்போது பூமியும் மறைகிறது. நாசா 2028இல் ஏவத் திட்டமிட்டிருக்கும் டிராகன்ஃபிளை பறக்கும் ஊர்தியும் இந்தக் காரணத்தால்தான் பகலில் பூமியோடு பேசிப் பறந்துவிட்டு, இரவில் பேச்சின்றி இருக்கப்போகிறது. உங்கள் குடியிருப்பில் மேலே சுற்றிய தொடர்புக்கோள் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், எட்டு நாள் கடிதம் வரும், எட்டு நாள் வராது. வரும் நாட்களிலும் ஒரு செய்தி போய்ச்சேர சுமார் 70 முதல் 90 நிமிடம் ஆகும். கேள்வி கேட்டு பதில் பெற மூன்று மணி நேரம் வரை. ஆண்டுக்கு ஒரு முறை சூரியன் குறுக்கே வரும்போது சில நாள் செக்கலிலும் பேச்சு அறும். இவ்வளவு போதும், ஒரு குடும்பத்தின் வாழ்க்கை அமைந்துவிடும்: மை முடிவதற்கு முந்தைய இரவு கடிதம் எழுதி முடிக்கும் பரபரப்பு, முதல் வெளிச்சத்தில் பொதுக்கூடத்தில் கூடும் கூட்டம், மையின் நடுவில் வந்துசேராத மரணச் செய்தி. பூமியில் இறந்த தாத்தாவுக்கு எட்டு நாள் கழித்துத் தீட்டுக் காக்கும் வீடு ஒன்றை எழுதுங்கள். பத்துப் பக்கம் தொழில்நுட்பம் விளக்க முடியாத தூரத்தை அது உணர்த்திவிடும்.

இனித் தொழில்நுட்பத்தின் எல்லை. இங்கே பெரும்பாலோர் செய்யும் பிழை, எல்லாத் தொழில்நுட்பத்தையும் ஒரே படியில் வைப்பது. எதை அந்த இடத்திலேயே செய்ய முடியும், எது பூமியிலிருந்துதான் வர வேண்டும் என்று இரண்டாகப் பிரியுங்கள். காசினி கலம் 1997 அக்டோபரில் கிளம்பி 2004 ஜூலையில் சனியை அடைந்தது. ஏறத்தாழ ஏழு ஆண்டு. உங்கள் காலத்துக் கப்பல் வேகமானது என்றாலும் சில ஆண்டுகள் என்றே வையுங்கள். டைட்டனில் கரிமச் சேர்மங்கள் மணல்மேடாகக் குவிந்திருக்கின்றன, ஆகையால் நெகிழிக்குப் பஞ்சமே இல்லை. தட்டு, கட்டில், சட்டை, சுவர் எல்லாம் அதிலேயே செய்யலாம். காலடியில் பனிப்பாறை இருப்பதால் நீரும், நீரைப் பிளந்தால் ஆக்சிஜனும் உண்டு. உலோகம் கிடைக்காது, பாறையெல்லாம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பனிக்கு அடியில் இருக்கிறது. ஆகவே அணு உலை ஓடும் ஊரில் ஒரு எஃகுத் திருகு சீதனப் பொருளாகிறது. கணினிச் சில்லு செய்ய முடியாது. வந்தவை ஒவ்வொன்றாக இறந்துகொண்டிருக்கும். முதல் தலைமுறை திரையில் படித்ததை, இரண்டாம் தலைமுறை நெகிழித் தாளில் கரிக்கோலால் எழுதிப் படிக்கும். பின்னோக்கிப் போகும் இந்தத் தொழில்நுட்பம் உங்கள் நாவலுக்கு மிகப் பெரிய சொத்து.

ஆக்சிஜனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். 120 பேருக்கு நூறு கிலோ. நீரை மின்சாரத்தால் பிளந்து ஒரு கிலோ ஆக்சிஜன் எடுக்க, இழப்புகளையும் சேர்த்து ஏழு கிலோவாட்-மணி என்று கொண்டால் நாளுக்கு 700, அதாவது இடையறாத 30 கிலோவாட். ஒரு சிறிய உலைக்கு இது பெரிய சுமையல்ல. ஆகவே "ஆக்சிஜன் தீர்ந்துவிடும்" என்ற பதைபதைப்பை நாவலின் அச்சாக வைக்காதீர்கள். உண்மையான முட்டுக்கட்டை உணவு. வெளியே உள்ள வெளிச்சத்தில் எந்தப் பயிரும் விளையாது. அத்தனை செடிக்கும் விளக்குப் போட வேண்டும். விளக்கில் போன மின்சாரத்தில் ஓரிரு விழுக்காடுதான் வாயில் விழும் உணவாக மாறுகிறது என்பதால் ஒருவருக்குச் சோறு விளைவிக்கவே பல கிலோவாட் ஓயாமல் எரிய வேண்டும். மின்சாரத்தை உலை தரும். விளக்கில் உள்ள ஒளியுமிழ் சில்லுக்கு வேண்டிய காலியமும் இண்டியமும் டைட்டனில் கிடையாது. விளக்கு தேய்கிறது, புதிய விளக்கு சில ஆண்டு தூரத்தில் இருக்கிறது. அதாவது ஊரில் எத்தனை பேர் வாழலாம் என்பதை விளக்குகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது.

அறிவியல் தெரிந்த வாசகர் இங்கே ஒரு கேள்வி எழுப்புவார். மீத்தேனை உண்டு வளரும் நுண்ணுயிர்களிலிருந்து புரத மாவு எடுக்கும் முறை பூமியிலேயே இருக்கிறது, கால்நடைக்கும் மீனுக்கும் தீவனமாகிறது. மீத்தேன் நிறைந்த டைட்டனில் அது போதாதா? பாதி போதும். அந்த மாவில் நியூக்ளிக் அமிலம் மிகுதியாக இருக்கிறது; அதையே முழு உணவாகத் தின்றால் இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறி மூட்டுவாதமும் சிறுநீரகக் கல்லும் வரும். ஆகவே அன்றாடத் தட்டில் பாதி மாவு, பாதி விளக்கில் விளைந்தது என்று வையுங்கள். வயதானவர்களின் கால் பெருவிரல் வீங்கியிருப்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போங்கள். காரணத்தைக் கண்டுகொள்ளும் வாசகர் உங்களை முழுதாக நம்பிவிடுவார்.

"விளக்கு" என்ற சொல் அந்த ஊரில் எவ்வளவு கனமாகிவிடும் என்று பாருங்கள். ஒரு தம்பதி குழந்தை பெற வேண்டுமென்றால் அந்தக் குழந்தைக்கு ஒதுக்க விளக்கு இருக்க வேண்டும். "அவங்களுக்கு விளக்கு எழுதியாச்சு" என்றால் அனுமதி கிடைத்துவிட்டது. "விளக்கில்லாதவன்" என்பது அங்கே வாயால் சொல்லக்கூடாத வசை. ஒருவர் இறந்தால் விளக்கு விடுபடுகிறது. துக்க வீட்டுக்கு வருபவர்கள் எதைப் பேசக்கூடாது என்பதும் அதிலிருந்து வரும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வீட்டுக்குள் அழுத்தம் ஒன்றரை மடங்கு, ஆனால் மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜன் பூமியில் உள்ள அதே அளவுதான் என்பதால், காற்றில் அதன் பங்கு 21 விழுக்காட்டிலிருந்து 14 ஆகக் குறைந்துவிடும். மனிதர் நலமாக மூச்சுவிடுவர்; மெழுகுவர்த்தியோ ஏறத்தாழ 16க்குக் கீழே அணைந்துவிடும். மீத்தேன் கலவைக்கு 12 வரைகூடப் பற்றும் குணம் உண்டு என்பதால் ஈரக்கால் பயம் மட்டும் தீராது. அந்த ஊரில் அகல் எரியாது. கார்த்திகைக்குத் தீபம் ஏற்றிய தலைமுறை, திரியைப் பற்றவைக்க முயன்று தோற்று, வளர்ப்பறை விளக்கு ஒன்றின் அடியில் கோலம் போட்டுக்கொள்ளும். அடுத்த தலைமுறைக்கு விளக்கு என்றாலே பயிர்மேல் எரிவதுதான். சடங்கு எப்படி மாறும் என்று கற்பனையில் தேட வேண்டியதில்லை; காற்றின் சேர்க்கையே எழுதித் தருகிறது.

எழுதி முடித்த அத்தியாயத்தை இரண்டு கண்ணோட்டங்களில் சோதியுங்கள். ஒன்று, ஈர்ப்பு. டைட்டனின் ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒரு பங்கு. காற்றோ நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தி. மாடியிலிருந்து விழுபவர் நொடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்று மேல் வேகம் எடுக்கமாட்டார், பூமியில் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து குதித்த அளவுதான். ஆகையால் அங்கே பிறந்தவர்களுக்கு உயரத்தின்மேல் அச்சம் இராது, "தலைகுப்புற விழுந்தான்" என்பது அழிவைக் குறிக்காது. பழக்கத்தால் எழுதிவிட்ட இத்தகைய மரபுத்தொடர்களைத் தேடி எடுங்கள்; "தீயாய்ப் பரவியது", "வெயில் ஏறிவிட்டது" எல்லாமே அவர்கள் வாயில் வர முடியாதவை. உடற்பயிற்சி வேளையும் மறக்கக்கூடாது. விண்வெளி நிலையத்தில் இருப்போர் எலும்பும் தசையும் கரையாமலிருக்க நாளுக்கு இரண்டு மணி நேரம் அளவுக்குப் பயிற்சி செய்கிறார்கள், உங்கள் ஊரிலும் பிள்ளைகள் அழுதுகொண்டே செய்ய வேண்டியிருக்கும். இரண்டாவது, பேச்சுச் சொற்களின் அளவு. ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் புதுப்பொருள் சொல் வந்தால் வாசகர் மொழிபெயர்க்கத் தொடங்கிவிடுவார். செக்கல், மை, ஈரக்கால், காய்தல், பூத்தல், விளக்கு; நாவல் முழுவதற்கும் இந்த ஆறும் இன்னும் இரண்டு மூன்றும் போதும். ஆனால் அவை எவர் வாயில் எப்படி ஒலிக்கின்றன என்பதில் வேறுபாடு வேண்டும். பூமியிலிருந்து வந்த கிழவர் "நுழைவறையில் உலர்ந்துவிட்டு வா" என்றே கடைசிவரை சொல்வார். பேத்தி அவரிடம் மட்டும் அந்த நீண்ட வாக்கியத்தைப் பேசுவாள், தோழிகளிடம் திரும்பியதும் "காஞ்சுட்டு வரேன்டி" என்பாள்.

முதல் அத்தியாயத்தை நீங்கள் எப்படித் தொடங்குவது என்றும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். மையின் எட்டாவது நாள். பத்து வயதுப் பெண் ஒருத்தி கதவுகளைப் பார்த்துக்கொண்டே வருகிறாள். ஏழாம் கதவின் கீழ்விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு வெள்ளை இருக்கிறது. பூத்திருக்கிறது என்று சொன்னால் அந்தக் கதவை அடைத்துவிடுவார்கள், அதன் வழியே வெளியே போயிருக்கும் அப்பா சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும், முதல் வெளிச்சத்தில் கடிதம் அனுப்பும் வரிசைக்கு நேரத்தில் வந்துசேரமாட்டார். அவள் கையுறையை நீட்டி அந்தக் கோட்டைத் துடைக்கிறாள். மூச்சை அடக்கிக்கொண்டு, அது திரும்பப் பூக்கிறதா என்று பார்க்கிறாள்.